பாதி முடிந்த கட்டடத்தில் செலவு வேறுபாடும் செலவுச் செயல்திறன் குறியீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த மாதம் வரை 120 லட்சம் செலவாகும் என்று திட்டம் போட்டிருந்தோம். கணக்குப் புத்தகத்தில் 100 லட்சம்தான் இருக்கிறது. 20 லட்சம் மிச்சம் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. அந்த 100 லட்சத்துக்கு எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்பது இந்த இரண்டு எண்களிலும் இல்லை. வேலை பின்தங்கினாலும் செலவு குறைவாகத்தான் தெரியும். மூன்று வாரம் கான்கிரீட் போடாமல் சும்மா இருந்தால் திட்டச் செலவை விட எவ்வளவோ கீழே இருப்பீர்கள். அது மிச்சம் இல்லை, செய்யாத வேலை.

அதனால் திட்டச் செலவை ஓரமாக வைத்துவிட்டு வேறு இரண்டு எண்களைத் தேட வேண்டும். ஒன்று, இதுவரை முடித்த வேலைக்கு பட்ஜெட்டில் ஒதுக்கியிருந்த தொகை. இதை ஈட்டிய மதிப்பு என்கிறோம். இன்னொன்று, அதே வேலைக்கு உண்மையில் ஆன செலவு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் செலவு வேறுபாடு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் செலவுச் செயல்திறன் குறியீடு. மென்பொருள் அட்டவணைகளில் இவை இப்படி இருக்கும்:

```
CV  = EV - AC
CPI = EV / AC
```

EV என்பது ஈட்டிய மதிப்பு, AC என்பது உண்மைச் செலவு. வேறுபாடு கழித்தல் குறியோடு வந்தாலும், குறியீடு 1-க்குக் கீழே போனாலும், முடித்த வேலைக்கு பட்ஜெட்டை விட அதிகம் செலவாகியிருக்கிறது என்று பொருள்.

சூத்திரம் அவ்வளவுதான். சிரமம் முழுவதும் அந்த இரண்டு எண்களை ஒழுங்காக எடுப்பதில் இருக்கிறது. அதற்காகக் கீழே ஒரே கட்டடத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போகிறேன். தரைத்தளமும் இரண்டு மாடியும் கொண்ட கட்டடம். மொத்த பட்ஜெட் 200 லட்சம், ஆறாவது மாத முடிவு. பட்ஜெட் பிரிந்திருப்பது இப்படி: அடித்தளம் 40, கான்கிரீட் சட்டகம் 75, செங்கல் சுவர் 25, பூச்சு 20, மின்சாரமும் குழாயும் 20, தரை, கதவு, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 20. கணக்கை நான் பார்ப்பது கட்டிக்கொடுப்பவரின் பக்கத்திலிருந்து.

எத்தனை சதவீதம் முடிந்தது என்பதை யார் சொல்வது? மேஸ்திரி சொல்வதை எடுத்துக்கொள்ளலாமா?

கண்ணால் பார்த்துச் சொல்லும் சதவீதத்தை எடுக்க வேண்டாம். யாரும் பொய் சொல்கிறார்கள் என்பதற்காக இல்லை. கண்ணில் படுவது பெரிய வேலை, மிச்சம் இருப்பது சின்னச் சின்ன வேலை. அதனால் எல்லோருக்கும் 90 சதவீதம் சீக்கிரம் வந்துவிடும், பிறகு அது வாரக்கணக்கில் 90-லேயே நிற்கும். நான் வேலை கற்றுக்கொண்ட முதல் கட்டடத்தில் ஒரு மாடிப் பூச்சு மூன்று மாத அறிக்கையில் தொடர்ந்து 90 சதவீதமாகவே இருந்தது. அந்த மூன்று மாதமும் கூலி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அளக்க முடிந்த வேலையை அளந்துவிடுங்கள். நமது கட்டடத்தில் செங்கல் சுவர் மொத்தம் 250 கன மீட்டர். அளவுப் புத்தகத்தின்படி கட்டியது 80 கன மீட்டர், அதாவது 32 சதவீதம். 25 லட்சத்தில் 32 சதவீதம் என்றால் ஈட்டிய மதிப்பு 8 லட்சம். இதில் யாருடைய அபிப்பிராயத்துக்கும் இடம் இல்லை.

சட்டகம் அவ்வளவு நேராக அமையாது. போட்ட கான்கிரீட்டை மட்டும் கன மீட்டரில் அளந்தால், சென்ட்ரிங் அடித்து நிற்கும் ஒரு தளத்துக்குப் பூஜ்யம் என்று வரும். ஆனால் சென்ட்ரிங் செலவு கணக்கில் ஏறியிருக்கும். அந்த மாதம் குறியீடு காரணமில்லாமல் சரியும், கான்கிரீட் போட்ட அடுத்த மாதம் காரணமில்லாமல் குதிக்கும். இதைத் தவிர்க்க வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு தளத்தையும் படிகளாகப் பிரித்துவிட வேண்டும். இங்கே ஒரு தளத்துக்கு 25 லட்சம். சென்ட்ரிங் முடிந்தால் 30 சதவீதம், கம்பி கட்டி சரிபார்த்தால் இன்னொரு 30, கான்கிரீட் போட்டால் 30, முட்டு பிரித்தால் கடைசி 10. ஒரு படி முழுசாக முடிந்தால்தான் அதன் பங்கு கிடைக்கும், பாதிக்குப் பாதி கிடையாது.

முதல் தளம் முழுசாக முடிந்தது: 25. இரண்டாவதில் கான்கிரீட் போட்டாயிற்று, முட்டு இன்னும் நிற்கிறது: 22.5. மூன்றாவதில் சென்ட்ரிங் மட்டும் முடிந்தது: 7.5. மூன்றும் சேர்ந்து 55 லட்சம்.

அடித்தளம் முடிந்துவிட்டதால் முழு 40. தளத்துக்குள் பதித்த மின்குழாய்களுக்கு, அதே மாதிரி முன்பே பிரித்து வைத்த படியின்படி, 2 லட்சம். எல்லாம் கூட்டினால் ஈட்டிய மதிப்பு 105 லட்சம். கட்டடம் 52.5 சதவீதம் முடிந்திருக்கிறது.

அப்படியானால் 105-லிருந்து 100-ஐக் கழித்தால் 5 லட்சம் லாபம், குறியீடு 1.05. நல்ல நிலைதானே?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான அறிக்கைகள் தவறிப்போகின்றன. கணக்குப் புத்தகத்தில் இருக்கும் 100 லட்சம் வெளியே போன பணம். நமக்கு வேண்டியது அளந்த வேலைக்கு ஆன செலவு. நடந்துகொண்டிருக்கும் வேலையில் இந்த இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

நமது கட்டடத்தில் நான்கு இடங்களில் வித்தியாசம் வருகிறது. முதலாவது, கடனுக்கு வந்த கம்பி. 12 லட்சம் மதிப்புள்ள கம்பி வந்து, இரண்டாவது தளத்தில் கட்டி, அதன்மேல் கான்கிரீட்டும் போட்டாயிற்று. பில் இன்னும் கணக்கில் ஏறவில்லை. கம்பிக்கான ஈட்டிய மதிப்பை எடுத்துக்கொண்டு செலவை மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது நியாயம் இல்லை. இந்த 12 சேர வேண்டும்.

இரண்டாவது, கடைசி இரண்டு வாரக் கூலி. சப் கான்ட்ராக்டர் மாதம் ஒருமுறைதான் பில் தருகிறார். ஆனால் நாம் அளவு எடுத்தது மாதக் கடைசி நாளில். இடைப்பட்ட வேலைக்கு ஆளெண்ணிக்கைப் பதிவேட்டைப் பார்த்து 5 லட்சம் என்று மதிப்பிட்டுச் சேர்க்கிறோம். மதிப்பீட்டில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை, பூஜ்யம் என்று விடுவதை விட அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

மூன்றாவது, பிடித்தம். சப் கான்ட்ராக்டர்களின் 40 லட்சம் பில்லில் 5 சதவீதத்தை உத்தரவாதமாகப் பிடித்து வைத்திருக்கிறோம். கணக்கில் ஏறியது 38. அந்த 2 லட்சம் நம் கையில் இருந்தாலும் நம்முடைய பணம் இல்லை, பின்னால் கொடுத்தே ஆக வேண்டியது. செலவில் சேர்க்க வேண்டும்.

நான்காவது எதிர்ப்பக்கம் போகிறது. விலை ஏறும் என்று பயந்து முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைத்த டைல்ஸ் 5 லட்சம். தரை வேலையே ஆரம்பிக்கவில்லை, அதற்கு ஈட்டிய மதிப்பு எதுவும் எடுக்கவில்லை. இந்த 5-ஐ செலவிலிருந்து எடுத்து இருப்பில் வைக்கிறோம். பொருளுக்குக் கொடுத்த அட்வான்ஸுக்கும் இதே முறைதான்.

```
AC  = 100 + 12 + 5 + 2 - 5 = 114
CV  = 105 - 114 = -9
CPI = 105 / 114 = 0.92
```

5 லட்சம் லாபம் என்று தெரிந்தது 9 லட்சம் நஷ்டமாக மாறிவிட்டது. செலவிட்ட ஒவ்வொரு 100-க்கும் 92 மதிப்புள்ள வேலைதான் கிடைத்திருக்கிறது. சூத்திரத்தை யாரும் தப்பாகப் போடவில்லை. அளவு எடுத்த தேதியும் செலவு மூடிய தேதியும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான் நடந்தது. பார்த்தவுடன் சந்தேகப்பட ஒரு அடையாளம் இருக்கிறது: குறியீடு ஒரு மாதம் ஏறி, மறுமாதம் இறங்கி என்று ஆடிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கும் இடத்தில் காரணம் தேடாதீர்கள். பில் வரும் தேதிகளைத் தேடுங்கள்.

ரன்னிங் பில்லில் உரிமையாளருக்குக் காட்டிய தொகையையே ஈட்டிய மதிப்பாக எடுத்தால் வேலை மிச்சம் ஆகாதா?

மிச்சம் ஆகும், ஆனால் தப்பான பதில் வரும். பில் விலையில் லாபம் சேர்ந்திருக்கிறது. அது போதாதென்று, முதலில் கைக்குப் பணம் வரட்டும் என்று மண் வேலைக்கும் அடித்தளத்துக்கும் விலையைக் கூட்டி, கடைசி வேலைகளுக்குக் குறைத்து ஒப்பந்தம் போடும் பழக்கமும் உண்டு. அப்படிப்பட்ட பில்லை வைத்துப் பார்த்தால் பாதிக் கட்டடம் வரை குறியீடு 1-க்கு மேலேயே இருக்கும், பூச்சு வேலை வரும்போது திடீரென்று விழும். பட்ஜெட்டை உங்கள் சொந்தச் செலவு மதிப்பீட்டிலிருந்து எடுங்கள். பில்லில் இருந்து எடுக்கலாம் என்றால் அது அளவுகள் மட்டும்தான்.

மொத்தம் 9 லட்சம் போயிருக்கிறது. எந்த வேலையில் போனது என்று எப்படிப் பார்ப்பது?

செலவையும் வேலை வாரியாகப் பிரிக்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு பில்லிலும் எந்த வேலைக்கு என்ற குறி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து உட்கார்ந்து பிரிப்பது ஊகமாகத்தான் முடியும். நமது கட்டடத்தில் வந்தது இது (லட்சத்தில்):

| வேலை | ஈட்டிய மதிப்பு | உண்மைச் செலவு | வேறுபாடு | குறியீடு |
|---|---|---|---|---|
| அடித்தளம் | 40 | 46 | −6 | 0.87 |
| சட்டகம் | 55 | 56 | −1 | 0.98 |
| செங்கல் சுவர் | 8 | 10 | −2 | 0.80 |
| மின்சாரம், குழாய் | 2 | 2 | 0 | 1.00 |

கூட்டத்தில் இந்த அட்டவணையை வைத்தால் எல்லோரும் அடித்தளத்தைத்தான் பேசுவார்கள். பெரிய எண் அங்கே இருக்கிறது. தோண்டும்போது நிலத்தடி நீர் வந்தது, பம்பு வைத்து இரவும் பகலும் இறைத்தார்கள், 6 லட்சம் போயிற்று. அது முடிந்த கதை. இனி அங்கே ஒரு ரூபாய் கூடப் போகாது, ஒரு ரூபாயைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

நான் பார்ப்பது செங்கல் சுவரை. வெறும் 2 லட்சம்தான், ஆனால் குறியீடு 0.80, அதிலும் 68 சதவீத வேலை இன்னும் பாக்கி. வேறுபாடு எவ்வளவு போயிற்று என்று சொல்கிறது. எந்த வேகத்தில் போகிறது என்பதைக் குறியீடு சொல்கிறது. பாதியில் இருக்கும் கட்டடத்தில் அந்த வேகம்தான் முக்கியம்.

சரி, சுவரில் என்ன நடந்தது? பட்ஜெட்டில் ஒரு கன மீட்டருக்கு 10,000, ஆனது 12,500. செங்கல் கணக்கைப் பார்த்தோம்: வந்ததில் இருப்பைக் கழித்தால் 80 கன மீட்டருக்கு வேண்டிய அளவுதான் போயிருந்தது, சேதாரம் சாதாரணம். விலையும் ஏறவில்லை. பழைய வரைபடத்தை வைத்துக் கட்டிய ஒரு சுவரை இடித்துக் கட்டியதில் அரை லட்சம் போயிருந்தது. இடித்த செங்கலில் பெரும்பகுதியைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்திவிட்டார்கள், போனது கூலி, சிமெண்டு, மணல். மீதி ஒன்றரை லட்சமும் கூலி. ஒரு கொத்தனார் நாளுக்கு 1.2 கன மீட்டர் கட்டுவார் என்று போட்டிருந்தோம், கட்டியது 0.8. காரணம் கொத்தனார் இல்லை. கட்டடத்தின் முன்பக்கம் முழுவதும் கம்பி வளைக்கும் இடமாக இருந்தது, செங்கலைப் பின்பக்கக் கோடியில் இறக்கினார்கள். சித்தாள்கள் சுமந்து வரும் வரை கொத்தனார் கரண்டியோடு காத்திருந்தார்.

இது தானாக நிற்கும் காரணம் இல்லை. மூன்றாவது தளத்துக்குக் கம்பி வேலை முடியும் வரை முன்பக்கம் கிடைக்காது. யாராவது இடத்தை மாற்றிக்கொடுத்தால் ஒழிய அடுத்த மாதமும் 0.80 பக்கம்தான் வரும்.

இடித்துக் கட்டிய சுவருக்கு ஈட்டிய மதிப்பை இரண்டு முறை எடுக்கலாமா?

கூடாது. சுவர் ஒன்றுதான், மதிப்பும் ஒருமுறைதான். செலவு மட்டும் இரண்டு முறை ஏறும். சுவரை இடித்துவிட்டு இன்னும் கட்டாத நிலையில் மாதம் முடிந்தால், போன மாதம் எடுத்த மதிப்பையும் திருப்பிக் கழிக்க வேண்டும். இதைச் செய்ய யாருக்கும் மனசு வராது, ஆனால் செய்தாக வேண்டும்.

உரிமையாளர் வரைபடத்தை மாற்றியதால் இடித்தது என்றால் விஷயம் வேறு. அது கூடுதல் வேலை. ஒப்புதல் வாங்கி அதற்கான தொகையை பட்ஜெட்டில் சேர்த்த பிறகு அதற்குரிய மதிப்பையும் எடுக்கலாம். ஒப்புதல் வரும் வரை அந்தச் செலவைத் தனிக் குறியில் வைத்திருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் செய்யாத தவறுக்கு உங்கள் குறியீடு குறையும்.

போன மாதம் குறியீடு 0.94, இந்த மாதம் 0.92. பெரிய மாற்றம் இல்லை என்று விட்டுவிடலாமா?

இரண்டும் ஆரம்பத்திலிருந்து சேர்த்த எண்கள். சேர்த்த எண் மெதுவாகத்தான் நகரும். போன மாத முடிவில் ஈட்டிய மதிப்பு 85, செலவு 90. இந்த மாதத்தை மட்டும் தனியாக எடுத்தால் மதிப்பு 20, செலவு 24, குறியீடு 0.83. இது சின்ன மாற்றம் இல்லை. ஒரு மாத எண் தனியாகக் கொஞ்சம் ஆடும் என்பதும் உண்மை, அதனால் மூன்று மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

மாறாக, வேலை 10 சதவீதம் கூட முடியாத கட்டத்தில் சேர்த்த எண்ணையும் நம்பிப் பெரிய முடிவு எடுக்க வேண்டாம். மண் தோண்டும் வேகத்தை வைத்துப் பெயிண்ட் செலவைச் சொல்ல முடியாது.

குறியீடு 0.92 என்றால் முடிவில் மொத்தம் எவ்வளவு ஆகும்?

மூன்று விதமாகக் கணக்கிடலாம், மூன்றும் வேறு வேறு அனுமானத்தில் நிற்கின்றன.

```
EAC = BAC / CPI         = 200 / 0.921       = 217
EAC = AC + (BAC - EV)   = 114 + (200 - 105) = 209
```

BAC என்பது மொத்த பட்ஜெட், EAC என்பது முடிவில் ஆகும் செலவு. முதல் வரி, மீதி வேலையும் இதுவரை போன மாதிரியே போகும் என்று நினைக்கிறது. அதாவது டைல்ஸ் போடும்போதும் நிலத்தடி நீர் வரும் என்கிற மாதிரி. இரண்டாவது வரி, இதுவரை நடந்தது எல்லாம் விபத்து, இனி எல்லாம் பட்ஜெட்படி நடக்கும் என்று நினைக்கிறது. சுவர் கட்டும் நிலையைப் பார்த்த பிறகு அதையும் நம்ப முடியாது.

பாதி முடிந்த கட்டடத்துக்கு நான் மூன்றாவது வழியைத்தான் எடுப்பேன்: ஒவ்வொரு வேலையையும் அதனதன் குறியீட்டோடு முடித்துப் பார்ப்பது. அடித்தளம் முடிந்தது, 46. சட்டகம் 75-ஐ 0.982-ஆல் வகுத்தால் 76.4. சுவர் 25-ஐ 0.80-ஆல் வகுத்தால் 31.25. மற்ற மூன்றும் பட்ஜெட்டிலேயே, தலா 20. கூட்டினால் சுமார் 213.6 லட்சம்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆரம்பிக்காத வேலைக்குக் குறியீடே இல்லை, பட்ஜெட்டை அப்படியே வைத்திருக்கிறோம். ஆனால் முடிந்த வேலையின் தரம் அடுத்த வேலையின் செலவைத் தொடும். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கவில்லை என்றால் பூச்சு கனமாகப் போகும், சிமெண்டும் மணலும் கூலியும் அதிகம் ஆகும். அதனால் பூச்சுக்கு 20 என்று எழுதும் முன் கட்டிய சுவரில் மட்டப்பலகை வைத்துப் பார்ப்பேன். எந்தச் சூத்திரமும் இதைச் சொல்லாது.

இன்னும் பாதி வேலை இருக்கிறதே, மீதியில் சமாளித்து 200-க்குள் முடித்துவிட முடியாதா?

அதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். மீதி வேலையின் மதிப்பு 95, கையில் இருக்கும் பணம் 86.

```
TCPI = (BAC - EV) / (BAC - AC) = 95 / 86 = 1.10
```

TCPI என்பது பட்ஜெட்டுக்குள் முடிக்க மீதி வேலைக்குத் தேவைப்படும் குறியீடு. இனி செலவிடும் ஒவ்வொரு 100-க்கும் 110 மதிப்புள்ள வேலை கிடைக்க வேண்டும். இதுவரை கிடைத்தது 92. அதாவது நாளையிலிருந்து எல்லா வேலையும் இதுவரை இருந்ததை விட 20 சதவீதம் திறமையாக நடக்க வேண்டும். எந்த வேலையில், எதை மாற்றி அந்த 20 வரும் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் 200 என்று உரிமையாளரிடமோ வங்கியிடமோ சொல்லாதீர்கள்.

இந்தக் கட்டடத்தில் பெயர் சொல்ல முடிந்தது ஒன்றுதான். கம்பி வளைக்கும் இடத்தைப் பாதியாகக் குறைத்து, வளைத்த கம்பியை அன்றன்றைக்கு மேலே ஏற்றிவிட்டு, செங்கலை முன்பக்கம் இறக்குவது. மீதி 170 கன மீட்டர் சுவரும் பட்ஜெட் வேகத்துக்கு வந்துவிட்டால் 21.25 ஆக வேண்டிய செலவு 17-இல் முடியும். 4.25 லட்சம் மிச்சம், கடைசித் தொகை 213.6-இலிருந்து 209 பக்கம் இறங்கும். 200-க்குப் போகாது. அந்த 9 லட்சத்துக்கு இப்போதே, கட்டடம் பாதியில் இருக்கும்போதே, பணம் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.